மருந்து காய்ந்த பிறகு

சித்தூர் மிஷன் சபையின் கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவரை ஒட்டி, இன்பசேகரனின் கல் இருக்கிறது. பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம் தவிர வேறு எழுத்து இல்லை. வேத வசனம் எதுவும் வேண்டாம் என்று அவரே மனைவியிடம் சொல்லிவைத்திருந்தார். அவர் எழுதிய வாசகம் ஒன்று ஒரு காலத்தில் சித்தூரிலிருந்து திருத்தணி வரை ஐந்நூறு வீடுகளின் சுவரில் தொங்கியது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது அச்சான அச்சகத்தில் நான் அப்போது புரூஃப் பார்த்துவந்தேன். தேதிகளை அந்தக் காலத்துக் குறிப்புகளைப் பார்த்தே தருகிறேன்.

இன்பசேகரன் முதலில் மலேரியா இலாகாவில் இருந்தார். ஆந்திரா தனி ராஜ்யமான வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பம்பும் வாளியுமாக நாலைந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் போய், வீட்டுச் சுவர்களில் டிடிடி அடிப்பது வேலை. அங்கே அவர் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பயந்த வீடு மறைக்கும். மருந்து விஷம் என்று கேள்விப்பட்ட வீட்டில் ஓர் அறையைப் பூட்டிச் சாவி தொலைந்துவிட்டது என்பார்கள். கொசு அந்த அறையில் பத்திரமாக இருக்கும். பயப்படாத வீடும் ஆபத்துதான். பானையை மூடாமல் வைத்துவிட்டுத் சாவகாசமாகப் பேசிக்கொண்டு நிற்பார்கள். "பயமும் இருக்கக் கூடாது, அலட்சியமும் இருக்கக் கூடாது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குச் சரியான வார்த்தைதான் கிடைக்கவில்லை" என்று சொல்வார்.

1958-இல் வேலையை விட்டுவிட்டு, சிட்டிபாபு என்ற நண்பரைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டு, கறையான் ஒழிக்கும் சர்வீஸ் தொடங்கினார். சிட்டிபாபுவின் பணம், இன்பசேகரனின் கை. மதராஸிலிருந்து ஆல்ட்ரின் என்ற மருந்து ஒரு கேலன் பிடிக்கும் தகர டப்பாக்களில் வரும். டப்பாவில் எண்ணெய் போல இருக்கும். தண்ணீரில் கலந்தால் பால் போல வெளுக்கும். வீட்டுக்குள் சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு துளை போட்டு, அளந்து ஊற்றி, சிமெண்டால் மூடுவார்கள். வெளியே சுவரை ஒட்டிச் சிறு பள்ளம் தோண்டி, அதிலும் ஊற்றி மண் தள்ளுவார்கள். நிலைப்படிக்கும் உத்தரத்துக்கும் மண்ணெண்ணெயில் கலந்து தூரிகையால் பூசுவார்கள். கிணறு சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் ஊற்றமாட்டார். எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டார்.

முதல் நோட்டீஸை அவரே எழுதினார். மேலே சிவப்பு மையில் மண்டை ஓடு. கீழே 'கடும் விஷம், எச்சரிக்கை' என்று தொடங்கிப் பன்னிரண்டு வரி. இலாகா பழக்கம். நோட்டீஸ் போன தெருவில் எல்லாம் கதவு சாத்தினார்கள். கிரீம்ஸ்பேட்டையில் ஓர் அம்மாள், வீட்டுக்காரர் மருந்துக்குச் சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டார். அச்சகத்துக்கு வந்த சிட்டிபாபு, மிச்சமிருந்த நோட்டீஸ் கட்டைத் தட்டிக்கொண்டே, "அண்ணா, நீ கறையானைத் தொரத்துறியா, ஜனங்களத் தொரத்துறியா? கறையான் கூட இதப் படிச்சா வூட்ட வுட்டுப் போகாது, பயத்துல உள்ளயே பூந்துக்கும்" என்றார். இன்பசேகரனும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் ஒரு சேதி வந்தது. நோட்டீஸுக்குப் பயந்து சர்வீஸை வேண்டாம் என்ற ஒரு வீட்டில், சந்தையில் ஏதோ தூளை வாங்கிச் சோற்று அண்டாவில் கரைத்துத் தாங்களே ஊற்றினார்களாம். இரண்டு ஆடுகள் செத்தன. அவர் சிரிப்பை நிறுத்தியது அன்றைக்குத்தான். ஒருவரும் பயந்து கதவைச் சாத்தக் கூடாது, ஒருவருக்கும் தீங்கு வரக் கூடாது, இரண்டையும் ஒரே வாசகத்தில் சொல்ல வேண்டும் என்று அதன்பிறகு அலைந்தார்.

1960-க்கு ஒரு காலண்டர் போடுவது என்று முடிவாயிற்று. நோட்டீஸைக் கசக்கிவிடுவார்கள், காலண்டர் வருஷம் முழுக்கக் கண்ணில் படும் என்பது சிட்டிபாபுவின் யோசனை. மேலே ஒரு போட்டோ, அதன் கீழே தமிழிலும் தெலுங்கிலும் வாசகம், அதற்குக் கீழே தேதித் தாள்கள். வரைந்த படம் வேண்டாம், மருந்து போட்ட நிஜமான வீடு வேண்டும் என்று இன்பசேகரன் பிடிவாதம் பிடித்தார்.

அப்படி அகப்பட்டது நாகபூஷணத்தின் வீடு. புத்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் வேர்க்கடலை போடும் குடும்பம். அவர், மனைவி அம்சவேணி, ஒரே பெண் தாட்சாயணி. பெண்ணுக்கு ஐந்து வயது. பழைய ஓட்டு வீட்டின் நிலைப்படியைக் கறையான் உள்ளே குடைந்துவிட்டிருந்தது. 1959 ஜூலையில் மருந்து போட்டார்கள். அக்டோபரில் இன்பசேகரன் திருப்பதியிலிருந்து ஒரு போட்டோக்காரரை அழைத்துக்கொண்டு போனார். சரிசெய்த நிலைப்படியில், பூனைக்குட்டி ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தாட்சாயணி உட்கார்ந்திருக்கிறாள். குட்டி நழுவப் பார்க்கிறது. அவள் காமிராவைப் பார்க்காமல் குட்டியைப் பார்த்துச் சிரிக்கிறாள். போட்டோக்காரர் இன்னொன்று எடுக்கலாம் என்றாராம். இதுவே போதும் என்றார் இன்பசேகரன். அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் கதவைச் சாத்தத் தோன்றாது.

வாசகத்துக்குத்தான் நாள் பிடித்தது. அவர் எழுதும் முறையே தனி. ஒரு வரி எழுதுவார். அச்சகத்துப் பக்கத்து வீடுகளுக்குப் போய், அங்கே இருக்கும் பெண்களிடம் வாசித்துக் காட்டுவார். வாசிக்கும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்கமாட்டார், கண் எங்கே போகிறது என்று பார்ப்பார். கண் சட்டென்று குழந்தை பக்கம் திரும்பினால் அந்த வரியில் ஏதோ ஒரு சொல் பயமுறுத்துகிறது என்று அர்த்தம். வந்து அடித்துத் திருத்துவார். 'விஷம்' போய் 'மருந்து' வந்தது இப்படித்தான். 'குழந்தைக்கும் தீங்கில்லை' என்று போடச் சொல்லி சிட்டிபாபு மன்றாடினார். அது பொய் என்று இன்பசேகரன் மறுத்துவிட்டார். கடைசியில் 'மருந்து காய்ந்தபின் பயமில்லை' என்பதில் இருவரும் சம்மதப்பட்டார்கள். துளையில் ஊற்றி மூடியதையும் மரத்தில் பூசியதையும் பொறுத்தவரை, சாதாரணமாக வீட்டில் புழங்குகிறவர்களுக்கு அது சரியான சேதி என்றுதான் அன்று எல்லோரும் நம்பினோம்.

இன்னொரு வரியும் இருந்தது. 'காலி டப்பாவைக் கேட்காதீர்கள். அதை நாங்களே நசுக்கிப் புதைத்துவிடுவோம்' என்று முதல் பிரதியில் எழுதியிருந்தார். அந்தத் தகர டப்பாக்களுக்கு அப்போது நல்ல கிராக்கி. கெட்டித் தகரம், திருகு மூடி, ஒழுகாது. வேலை முடிந்த வீட்டில் யாராவது ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார். கடப்பாறையால் ஓட்டை போட்டுப் புதைப்பது சர்வீஸின் விதி. அந்த வரியை வாசித்தபோது சுந்தரம்மா என்ற பெண்மணி, "பொதைக்கிற அளவுக்கு மருந்தா?" என்று கேட்டு, மடியிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டார். இன்பசேகரன் வந்து அந்த வரியை அடித்தார். டப்பா நம்முடைய வேலை, நம் ஆட்களுக்குத் தெரிந்தால் போதும், வீட்டுக்காரருக்கு எதற்கு என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அச்சான வாசகம் இது:

'இவள் வீட்டில் கறையான் இல்லை. மருந்து போடும் நாளில் பாத்திரம், தண்ணீர்க் குடம், தானியம் எல்லாவற்றையும் வெளியே வையுங்கள். குழந்தைகள், கோழி, பூனை, மாடு வெளியே இருக்கட்டும். ஈரம் இருக்கும்வரை விளக்கு ஏற்ற வேண்டாம். மருந்து காய்ந்தபின் பயமில்லை. மருந்து பட்ட இடத்தைத் தண்ணீரால் கழுவாதீர்கள். இரண்டு வருஷ உத்தரவாதம்: மறுபடி கறையான் மண் கண்டால் காசு வாங்காமல் வந்து போடுவோம். தரையை உடைத்தாலும், சுவரை ஒட்டிப் புதிதாகக் கட்டினாலும் உத்தரவாதம் செல்லாது. பதிவு செய்ய ஒரு கார்டு போடுங்கள். வீட்டின் நீள அகலம், கிணறு எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். வந்து பார்த்த பிறகே நாள் சொல்வோம்.'

காலண்டர் போன இடமெல்லாம் கார்டு வந்தது. ஜனவரி மாதம் சர்வீஸுக்கு ஓய்வே இல்லை. சிட்டிபாபு இரண்டாவது பம்பு வாங்கினார். பெண்கள் வாசலில் நின்று, "பூனைக்குட்டிப் பொண்ணு கம்பெனியா?" என்று கேட்டு உள்ளே விட்டார்களாம். இன்பசேகரனின் மனைவி ஜெயகுமாரி மிஷன் பள்ளியில் ஆசிரியை. அவர் அந்த வாசகத்தை நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதலாகப் போட்டார். அந்த மாதத்தில் இன்பசேகரன் நடந்ததைப் போல நிமிர்ந்து நடந்து நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம் நாகபூஷணம் அச்சகத்துக்கு வந்தார். சர்வீஸ் ஆபீஸ் பூட்டியிருந்ததால் அங்கே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கையில் ஒரு சாக்கு. இன்பசேகரன் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, உகாதிக்கு ஒரு புது நோட்டீஸுக்கு எழுதிக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்து எழுந்து, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நாகபூஷணம் சாக்கை அவிழ்த்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். மருந்து டப்பா. மூடியைச் சுற்றி வேர்க்கடலை எண்ணெய்ப் பிசுக்கு.

நடந்ததை அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஜூலையில் மருந்து போட்ட அன்று வேலைக்கு வந்த முனிசாமிக்கு அம்சவேணி வயிறாரச் சோறு போட்டாள். போகும்போது, டப்பா ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். மற்றதையெல்லாம் புதைத்த முனிசாமி ஒன்றை மட்டும் பரண்மேல் வைத்துவிட்டுப் போனான். சோறு போட்ட வீட்டில் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. டப்பா அங்கேயே கிடந்தது. பொங்கல் கழிந்து செக்கில் எண்ணெய் ஆட்டி வந்தபோது பாத்திரம் போதவில்லை. அம்சவேணிக்கு டப்பா ஞாபகம் வந்தது. ஆனால் மருந்து டப்பா ஆயிற்றே என்று தயங்கினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுவரில் தன் பெண்ணின் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று புருஷனைப் படிக்கச் சொன்னாள்.

"படிச்சது நான்தான் சார்" என்றார் நாகபூஷணம். "மருந்து காஞ்சப்புறம் பயமில்லன்னு இருந்துச்சி. தண்ணில கழுவாதீங்கன்னும் இருந்துச்சி. கழுவுனா மறுபடி ஈரமாயி மருந்து எழுந்துக்கும்னு நெனச்சோம். அதான் கழுவல. நாலு நாளு மொட்ட வெயில்ல கவுத்து வச்சோம். தொட்டுப் பார்த்தோம், ஒட்டல. வாசனையும் இல்ல. நீங்க எழுதுனாப்பலயே செஞ்சோம் சார்."

அந்த எண்ணெயில் முதல் முதலாக வடை சுட்டார்கள். மூன்று பேரும் தின்றார்கள். பெரியவர்கள் இருவருக்கும் தலை சுற்றி வாந்தி எடுத்தது. பெண்ணுக்கு வலிப்பு வந்தது. வண்டி கட்டிப் புத்தூர் போவதற்குள் மூன்று முறை. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிர் அடங்கிவிட்டது. என்ன தின்றாள் என்று கேட்ட டாக்டர், டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். மூடிக்கு அடியில், தகரம் மடிந்த இடுக்கில், மருந்து தங்கியிருந்திருக்கிறது. வெயிலில் அது காய்ந்து ஒட்டிக்கொண்டது. எண்ணெய் பட்டதும் கரைந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பலமுறை கழுவியிருந்தாலும் முழுக்கப் போயிருக்காது என்றும் டாக்டர் சொன்னாராம்.

நாகபூஷணம் இன்பசேகரனைத் திட்டவில்லை. திட்டத்தான் வந்தாரோ என்னவோ, அந்த முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். "டப்பாவ என்னா பண்றதுன்னு தெரியல சார். வூட்ல வச்சிக்கினு இருக்க முடியல. பொதைக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம். புதைக்கணும்" என்றார் இன்பசேகரன்.

அச்சகத்துக் கொல்லையில் அவரே குழி தோண்டினார். கடப்பாறையால் டப்பாவைக் குத்தியபோது ஒவ்வொரு குத்துக்கும் நாகபூஷணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முனிசாமியைக் கூப்பிட்டுக் கேட்டதில், அவன் ஒன்றும் மறைக்கவில்லை. அழுதான். அவனை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்றார் சிட்டிபாபு. இன்பசேகரன் சம்மதிக்கவில்லை. அவன் விதியைத்தான் மீறினான், நானோ அந்த விதியை வீட்டுக்காரர் கண்ணிலிருந்தே அடித்துவிட்டேன் என்றார். அந்தப் பேச்சை அதன்பிறகு யாராலும் மாற்ற முடியவில்லை.

அவர் செய்த முதல் காரியம், காலண்டர்களைத் திரும்ப வாங்கக் கிளம்பியது. இறந்த குழந்தையின் முகத்துக்குக் கீழே 'பயமில்லை' என்று ஒரு நாள்கூடத் தொங்கக் கூடாது என்றார். மதராஸில் செய்வித்து, அந்தப் படத்தை அச்சடித்த உலோக பிளாக்கை என்னிடமிருந்து வாங்கி, உருக்கக் கொடுத்துவிட்டார். திருப்பதிக்குப் போய் நெகட்டிவையும் வாங்கி அழித்தார். சித்தூரில் வீடு வீடாகப் போனார். காலண்டரைக் கேட்பார், டப்பா ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்பார். முனிசாமி ஒருவன்தான் கொடுத்தான் என்று நினைத்திருந்தார். போகப் போகத் தெரிந்தது. மற்ற ஆட்களும் அங்கங்கே கொடுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் புளி, ஒரு வீட்டில் மண்ணெண்ணெய், ஒரு வீட்டில் வெல்லம். வெல்லம் இருந்த வீட்டில் அந்த அம்மாள், நன்றாகக் காயவைத்துத்தான் போட்டோம் என்று பெருமையோடு சொன்னாள்.

சிட்டிபாபு கெஞ்சினார். டப்பாவை வாங்கு, காலண்டரை விடு, அடுத்த வருஷம் மாற்றிப் போடலாம், பயம் பரவினால் சர்வீஸை மூட வேண்டியதுதான் என்றார். இன்பசேகரன் காதில் விழவில்லை. மார்ச் மாதத்தில் திருத்தணிப் பக்கம் போனார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அந்தத் தாலுகா ஆந்திராவிலிருந்து மதராஸ் ராஜ்யத்துக்கு மாறுகிறது. எல்லைக் கற்கள் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அங்கே ஒரு கடைக்காரர், முனிரத்தினம் என்று பெயர், காலண்டரைக் கொடுக்க மறுத்தார். "இன்னா சார், நாங்க மதராசுக்குப் போறோம்னு காலண்டரப் புடுங்கிக்கினு போறியா? உத்தரவாதம் எல்லை தாண்டாம நகரியிலயே நின்னுடுமா?" என்று கேலி செய்தார். உத்தரவாதம் வீட்டுக்குக் கொடுத்தது, ராஜ்யத்துக்கு இல்லை, நிச்சயம் வருவேன் என்று இன்பசேகரன் சொன்னார். ஏன் வாங்குகிறார் என்பதைச் சொன்னதும் முனிரத்தினம் கேலியை விட்டு, ஆணியிலிருந்து தாமே கழற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது முகப்பை உள்பக்கமாகச் சுருட்டிக் கொடுத்தார். செத்துப்போன பிள்ளையின் படத்தை, அது சொந்தப் பிள்ளையாக இல்லாதபோது, எந்த வீட்டில் மாட்டிவைப்பார்கள்? சேதி போன இடங்களில் எல்லாம் ஜனங்கள் தாமாகவே கழற்றத் தொடங்கினார்கள். வாங்கிவந்த காலண்டர்களை இன்பசேகரன் தம் வீட்டுக் கொல்லையில் வைத்து எரித்தார்.

நாகபூஷணத்தின் வீட்டுக்குப் போவதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, ஒரு நாள் போனார். நானும் கூடப் போனேன். தனியாகப் போக அவருக்குக் கால் வரவில்லை. அம்சவேணி வாசலுக்கு வந்தாள். உள்ளே சுவரில் காலண்டர் இருந்தது. தேதித் தாள் பிப்ரவரியிலேயே நின்றிருந்தது. படத்துக்குக் கீழே எழுத்து இல்லை. அந்தப் பகுதியை அரிவாள்மணையில் வைத்து நேராக அறுத்து எடுத்திருந்தாள்.

"எல்லா வூட்லயும் கயட்டிக்கினு வர்றீங்களாமே" என்றாள்.

இன்பசேகரன் தலையை ஆட்டினார்.

"எம் பொண்ணுக்கு இருக்கிறது இந்தப் படம் ஒண்ணுதான் சார். ஆனா ஐந்நூறு வூட்ல அவ கீறான்னு அவங்க நைனா சொல்லுவாரு. நான் ராவுல படுத்துக்கினு நெனச்சிக்குவேன். இந்த வூட்ல இல்லன்னாலும் திருத்தணில ஒரு வூட்ல பூனைய வச்சிக்கினு சிரிச்சிக்கினு கீறா, சித்தூர்ல ஒரு வூட்ல கீறா. அவளத் தெரியாதவங்க அவளப் பாத்துக்கினு கீறாங்க. நீங்க ஏன் சார் அவள எங்கயும் இல்லாம பண்றீங்க?"

அவர் எரித்துவிட்டதை அவளிடம் சொன்னார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. பிளாக்கையும் நெகட்டிவையும் பற்றிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே நிலைப்படியில் உட்கார்ந்தாள், படத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த அதே பக்கத்தில். பிறகு, "மிச்சம் எத்தினி?" என்று கேட்டாள்.

பாதிக்கு மேல் இருந்தது. அவற்றைக் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். தன் பெண் போய்விட்டாள் என்பதையும் எழுத வேண்டாம், எழுதினால் கழற்றிவிடுவார்கள் என்றாள். டப்பா சமாசாரத்தை மட்டும் எழுதச் சொன்னாள்.

அவர் திரும்பி நேரே அச்சகத்துக்கு வந்து ஒரு துண்டுத்தாளில் எழுதினார். இந்த முறை யாரிடமும் வாசித்துக் காட்டவில்லை. யார் கண் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. 'மருந்து காய்ந்தாலும் மருந்துதான். காலி டப்பாவை வாங்காதீர்கள். யாராவது கொடுத்திருந்தால் எங்களிடம் திருப்பிக் கொடுங்கள். கழுவினாலும் காயவைத்தாலும் அதில் தின்னும் பொருளை வைக்கக் கூடாது. நாங்கள் அதைக் குத்திப் புதைத்துவிடுவோம்.' 'பயமில்லை' என்ற பழைய வரியின் மேல் சரியாக உட்காரும் அளவில் சீட்டு அடித்துக் கொடுத்தேன். பசை டப்பாவோடு மறுபடி வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும், பாப்பா நன்றாக இருக்கிறாளா என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே ஒட்டுவார்.

புது வேலைகளை அதோடு நிறுத்திவிட்டார். சிட்டிபாபு பிரிந்துபோய் மண்ணெண்ணெய் டிப்போ எடுத்தார், பகை இல்லை. கொடுத்த உத்தரவாதங்களுக்கு மட்டும் இன்பசேகரன் போய்வந்தார், திருத்தணிக்கும். டியூஷன் சொல்லிக்கொடுத்தும் மனைவியின் சம்பளத்திலும் குடும்பம் ஓடியது.

நாகபூஷணத்தின் வீட்டில் மறு வருஷமே கறையான் மண் தெரிந்தது. பெண்ணின் உடலைக் குளிப்பாட்டிய தண்ணீர் வெளியே ஓடுவதற்காக முற்றத்தையொட்டித் தரைக்கல்லைப் பெயர்த்திருந்தார்கள். அந்த வழியாக ஏறிவிட்டது. விதிப்படி உத்தரவாதம் செல்லாது. இன்பசேகரன் அதைச் சொல்லவில்லை. மருந்து போடட்டுமா என்று கேட்டார். அந்த வீட்டுக்குள் இனி ஒரு சொட்டும் வரக் கூடாது என்றாள் அம்சவேணி. கறையான் மண் படம் மாட்டிய சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. காலண்டரைக் கழற்றி வேறு இடத்தில் வைக்கலாம் என்றதற்கும் சம்மதிக்கவில்லை. அவள் பார்த்து உறங்கும் சுவர் அது.

ஆகவே அவர் கையால் சுரண்டினார். மாதம் ஒருமுறை புத்தூர் பஸ் பிடித்துப் போய், ஒரு தூரிகையும் தட்டையான இரும்புத் தகடும் வைத்து, மண் கோட்டைக் கீழிருந்து மேலாகச் சுரண்டி, படத்தின் பின்புறத்தைத் துடைத்து, சுவரடியில் வெந்நீர் ஊற்றிவிட்டு வருவார். அது ஒரு வைத்தியமே இல்லை, சுரண்டினால் பத்து நாளில் மறுபடி கட்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உத்தரவாதக் காலம் 1961 ஜூலையோடு முடிந்தது. அதன்பிறகும் போனார். அம்சவேணி அதிகம் பேசமாட்டாள். மோர் கொடுப்பாள். அவர் வேலை செய்யும்போது தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

1965-இல் ஐப்பசி மழையில் அவருக்கு நிமோனியா கண்டது. இரண்டு மாதம் படுக்கை. எழுந்து நடக்க முடிந்ததும் முதலில் அங்கேதான் போனார். என்னையும் கூட்டிக்கொண்டார். சுவரில் காலண்டர் இருந்த இடத்தில் அதே அளவுக்கு மண் இருந்தது. தகட்டால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே காகிதம் இல்லை. பூனைக்குட்டியின் ஒரு காது மட்டும், நகத்தளவு, ஆணிக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்பசேகரன் அந்த மண்ணை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நின்றார். அச்சகத்தில் கோப்புப் பிரதி ஒன்று இருக்கிறது, நாளைக்கே கொண்டுவருகிறேன், எழுத்தை வெட்டிவிட்டுத் தருகிறேன் என்றார்.

"வேணாம் சார்" என்றாள் அம்சவேணி. "இருந்தா இப்ப அவளுக்குப் பதினோரு வயசு. பாவாட தாவணிக்கு ஆசப்படுவா. அந்தப் படத்துல அஞ்சு வயசுலயே குந்திக்கினு கீறா. அவ பெருசாவட்டும், வுடுங்க."

பிறகு, அவர் கையிலிருந்த மண்ணை முறத்தில் வாங்கிக்கொண்டு, "இனிமே நீங்க அலைய வேணாம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதைவிடக் கடுமையான சொல் எதையும் அவர் வாழ்நாளில் கேட்டிருக்கமாட்டார்.

மறு மாதம் அதே தேதியில் அவர் பஸ் நிலையம் வரை போனதாக ஜெயகுமாரி அம்மாள் என்னிடம் சொன்னார். புத்தூர் பஸ் புறப்படுகிற வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாராம். அதன்பிறகு மூன்று வருஷம் இருந்தார்.